பெருநாள் டேட்டா பெக்கேஜ்: எத்தனை நாள் என்று எழுதாதீர்கள், எந்தத் திகதி வரை என்று எழுதுங்கள்

நோன்பு மாதம் பிறக்கும் வாரத்தில் திருகோணமலை மத்திய வீதியிலும் உட்துறைமுக வீதியிலும் கடை முகப்புகள் நிறம் மாறும். புடவைக் கடைக்காரர் கழிவு விலைப் போர்ட் போடுவார். பேரீச்சம்பழப் பெட்டிகள் வாசலுக்கு வரும். அவற்றோடு சில வருடங்களாக இன்னொரு அறிவிப்பும் சேர்ந்திருக்கிறது. அதுதான் ரீலோட் கடைகளின் பெருநாள் டேட்டா பெக்கேஜ் அறிவிப்பு. பள்ளிவாசல் அறிவித்தல்கள் வரும் அதே வட்ஸ்அப் குழுமங்களிலும் இந்த அறிவிப்பு வந்து விழுகிறது.

இந்த வாரம் அந்த அறிவிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இது சிறிய விடயமல்லவா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் டேட்டா என்பது கண்ணால் பார்த்து, கையால் நிறுத்து வாங்கும் பொருளல்ல. வாடிக்கையாளர் முதலில் காசைக் கொடுக்கிறார், பொருள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. எவ்வளவு வரும், எப்போது நிற்கும் என்பதை அவர் அந்த அறிவிப்பை நம்பியே முடிவு செய்கிறார். முற்பணம் வாங்கி விற்கும் ஸலம் வியாபாரத்தில் அளவும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வியாபாரிகள் அறிந்த சட்டம்தான். டேட்டா பெக்கேஜுக்கு அதை விடப் பொருத்தமான விதியை நான் தேடத் தேவையில்லை.

எங்கள் பகுதியில் சிறிய ரீலோட் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, அச்சகத்துக்குக் கொடுக்க முன்னர் தனது அறிவிப்பை என்னிடம் காட்டினார். "நானா, இது சரியா இருக்கா பாருங்க" என்றார். பெயரையும் கம்பனியையும் விட்டுவிடுகிறேன். தொகைகளையும் உதாரணத்துக்காக மாற்றியிருக்கிறேன். அறிவிப்பு இப்படி இருந்தது:

"பெருநாள் அதிரடி! 30 ஜி.பி. டேட்டா! 28 நாட்கள்! 650 ரூபா மட்டுமே! சலுகை 31 வரை!"

இதில் பொய் ஒன்றுமில்லை. கம்பனி கொடுத்த விபரத்தைத்தான் அவர் எழுதியிருந்தார். ஆனாலும் இந்த ஐந்து துண்டுகளில் விலையைத் தவிர மற்ற நான்கையும் வாங்குபவர் தவறாக விளங்கிக் கொள்ள இடமிருக்கிறது. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாறச் செய்யலாம் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில் "28 நாட்கள்" என்பதை எடுத்துக் கொள்வோம். 2025ஆம் ஆண்டு ரமழானை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்த வருடம் இலங்கையில் மார்ச் 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முதல் நோன்பு. நோன்புப் பெருநாள் மார்ச் 31ஆம் திகதி திங்கட்கிழமை. அதாவது 29 நோன்புகள். பிறை கண்ட சனிக்கிழமை இரவு, மார்ச் 1ஆம் திகதி 8 மணிக்கு, ஒரு தாய் கடைக்கு வந்து இந்த பெக்கேஜைப் போடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மகன் கட்டாரில் இருக்கிறார். நோன்பு முழுக்கவும் பெருநாள் அன்றும் அவரோடு முகம் பார்த்துப் பேசுவதற்காகத்தான் அவர் 650 ரூபாவைக் கொடுக்கிறார்.

வாங்கிய நாளையும் ஒரு நாளாக எண்ணும் பெக்கேஜாக இருந்தால், இது மார்ச் 28ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்துவிடும். மணிக் கணக்கில், அதாவது 24 மணித்தியாலத்தை ஒரு நாளாக எண்ணும் பெக்கேஜாக இருந்தால், மார்ச் 29ஆம் திகதி இரவு 8 மணிக்கு முடியும். எப்படி எண்ணினாலும் பெருநாளைக்கு அது இல்லை. பெருநாள் அன்று பேசுவதற்கென்று அந்தத் தாய் சிக்கனமாக மிச்சம் பிடித்து வைத்த டேட்டா, பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே போய்விடுகிறது. "பெருநாள் அதிரடி" என்ற பெயரில் வாங்கிய பெக்கேஜ் பெருநாளைக் காணவே இல்லை.

அப்படியென்றால் 30 நாள் பெக்கேஜை விற்றால் சரியாகிவிடுமா? அதே இரவு 8 மணிக்கு வாங்கினால், நாட்கணக்கில் அது மார்ச் 30ஆம் திகதி நள்ளிரவோடு முடியும். அதாவது பெருநாள் இரவு, தக்பீர் முழக்கம் கேட்கும் நேரத்தில் டேட்டா நின்றுவிடும். மணிக் கணக்கில் என்றால் மார்ச் 31ஆம் திகதி இரவு 8 மணி வரை இருக்கும், பெருநாள் பகல் முழுவதும் பேசலாம். "30 நாட்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு முடிவுகளும் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் வாடிக்கையாளர் கடைக்காரருக்கு துஆச் செய்வார், மற்றதில் கடை வாசலில் வந்து சத்தம் போடுவார்.

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. பெக்கேஜ் போடும் நாளில் நோன்பு 29ஆ 30ஆ என்று யாருக்கும் தெரியாது. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடி அறிவித்த பிறகுதான் பெருநாள் எது என்று தெரியும். 2025இல் பிறை தென்படாமல் 30 நோன்பு பூர்த்தியாகி இருந்தால் பெருநாள் ஏப்ரல் 1ஆம் திகதி. அப்போது மணிக் கணக்கு பெக்கேஜும் பெருநாள் இரவோடு நின்றிருக்கும். ஆகவே "பெருநாள் வரை" என்று எந்தக் கடைக்காரரும் போர்டில் எழுதக் கூடாது. கம்பனியின் கணினி பிறை பார்ப்பதில்லை, அது வாங்கிய நேரத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. துல்ஹஜ் பிறை கண்டதும் பத்தாம் நாள் எது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், திகதி போட்டே விற்கலாம்.

எனது கருத்து இதுதான்: நாட்களின் எண்ணிக்கையை விற்பதை விட்டு, முடியும் திகதியையும் நேரத்தையும் விற்க வேண்டும்.

இதற்கு அந்தத் தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "நானா, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நாள் வாங்குறாங்க. அச்சடிச்ச போர்டில எப்படித் திகதி போடுறது?" என்றார். அச்சடித்த போர்டில் போட முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் அழிக்கக்கூடிய பேனாவும் வைக்கலாம். கடை திறந்ததும் ஒரே ஒரு வரியை அழித்து எழுத வேண்டும்: "இன்று வாங்கினால் முடிவது இன்ன திகதி, இன்ன நேரம்." தினமும் ஒரு நிமிட வேலை. வாங்கியவருக்குக் கொடுக்கும் துண்டிலும் அதே திகதியைக் கையால் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய் பேரப்பிள்ளை கேட்டாலும் அந்தத் துண்டு பதில் சொல்லும்.

அந்தத் திகதியை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது? கம்பனிப் பிரதிநிதி வாயால் சொல்வதை வைத்து எழுதாதீர்கள். புதிய பெக்கேஜ் வந்த அன்று முதலாவதை உங்கள் சொந்த சிம்முக்குப் போடுங்கள். போட்டதும் கம்பனியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும், அல்லது கம்பனியின் செயலியில் பெக்கேஜ் விபரம் தெரியும். முடியும் திகதியும் நேரமும் அதில் இருக்கும். பிற்பகல் 4 மணிக்குப் போட்ட பெக்கேஜ் நள்ளிரவில் முடிவதாகக் காட்டினால் அது நாட்கணக்கு. பிற்பகல் 4 மணிக்கே முடிவதாகக் காட்டினால் அது மணிக் கணக்கு. இந்த ஒரு சோதனைக்குப் பிறகு உங்கள் வெள்ளைப் பலகையில் தவறு வராது. ஒரு பெக்கேஜின் காசு செலவாகும், ஆனால் அந்த டேட்டாவும் உங்களுக்குத்தானே.

இரண்டாவது, "சலுகை 31 வரை" என்ற சொற்றொடர். கம்பனி சொன்னது, இந்த பெக்கேஜை 31ஆம் திகதி வரை விலைக்கு வாங்கலாம் என்பதை. வாடிக்கையாளர் விளங்கிக் கொள்வது, டேட்டாவை 31ஆம் திகதி வரை பாவிக்கலாம் என்பதை. இரண்டும் வெவ்வேறு திகதிகள். அருகருகே "28 நாட்கள்" என்றும் "31 வரை" என்றும் எழுதினால், தனக்கு வசதியான பெரிய திகதியைத்தான் மனிதர் மனதில் வைத்துக் கொள்வார். அது மனித இயல்பு, அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

அத்தோடு "31" என்றால் எந்த மாதத்து 31? வட்ஸ்அப்பில் போட்ட படம் மாதக் கணக்காகச் சுற்றும். மூதூரிலோ கிண்ணியாவிலோ யாராவது மூன்று மாதம் கழித்து அதைத் தூக்கிக் கொண்டு வந்து நிற்பார். ஆகவே இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, வாங்கக்கூடிய கடைசி நாள், மாதத்தோடும் வருடத்தோடும். மற்றது, வாங்கினால் எப்போது முடியும் என்பது. இந்த இரண்டு வரிகளையும் ஒரே வரியில் சேர்க்காமல் இருப்பதே பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடும்.

மூன்றாவது, "30 ஜி.பி." என்ற எண். போர்டில் இதுதான் ஆகப் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே விபரத்தைப் பார்த்தால் அது மூன்று துண்டுகள். எந்த நேரமும் பாவிக்கக்கூடியது 10 ஜி.பி. இரவு 12 மணி முதல் காலை 7 மணி வரை மட்டும் பாவிக்கக்கூடியது 15 ஜி.பி. குறிப்பிட்ட சில செயலிகளுக்கு மட்டும் 5 ஜி.பி. மூன்றையும் கூட்டினால் 30 வருகிறது என்பது உண்மை. ஆனால் பகலில் கடையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பவருக்கு அது 10 ஜி.பி. பெக்கேஜ்தான்.

அந்த 10 ஜி.பி. எவ்வளவு தூரம் போகும்? ஒரு மணி நேர வீடியோ, படத்தின் தெளிவைப் பொறுத்து சுமார் அரை ஜி.பி.யிலிருந்து ஒன்றரை ஜி.பி. வரை எடுக்கும். நல்ல தெளிவில் பார்ப்பவர் ஏழெட்டு மணித்தியாலத்தில் 10 ஜி.பி.யை முடித்துவிடலாம். அப்படி முடிந்து வந்தவரிடம் "உங்களுக்கு இன்னும் 15 ஜி.பி. இருக்குதே" என்று சொன்னால் அவருக்கு அது பரிகாசமாகத்தான் கேட்கும். பகலில் அந்த 15 ஜி.பி. இருந்தும் இல்லாத பொருள்தான்.

இதை நான் இரவு டேட்டாவைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நோன்பு மாதத்தில் எங்கள் வீடுகள் ஸஹருக்கு விழித்திருக்கின்றன. இரவுத் தொழுகை முடிந்தும் பலர் உறங்குவதில்லை. மற்ற மாதங்களை விட நோன்பில் இரவு டேட்டாவுக்குப் பெறுமதி அதிகம். கடலுக்குப் போய் அதிகாலையில் கரைக்கு வரும் மீனவருக்கும், துறைமுகத்தில் இரவு முறை வேலை செய்பவருக்கும் அது நன்றாகவே உதவும். அவர்களிடம் நேரத்தைச் சொல்லி விற்றால் விரும்பி வாங்குவார்கள். சொல்லாமல் விற்பதுதான் பிழை. ஆகவே மொத்தத்தைப் பெரிதாக எழுதி, பிரிவைச் சிறிதாக எழுதாதீர்கள். பகல் டேட்டாவை முதலாவது வரியில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். இரவு டேட்டாவுக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கும் மணியையும் முடியும் மணியையும் எழுதுங்கள். செயலி டேட்டா என்றால் எந்தச் செயலி என்று பெயர் சொல்லுங்கள். வட்ஸ்அப்புக்கு மட்டும் உள்ள டேட்டாவில், வட்ஸ்அப்பில் வந்த யூடியூப் இணைப்பைத் தட்டினால் அது வேறு கணக்கில் போகும் என்பது பலருக்குத் தெரியாது.

நாளாந்த வரையறை உள்ள பெக்கேஜ்களும் இதே வகைதான். ஒரு நாளைக்கு 1 ஜி.பி. வீதம் 28 நாள் என்றால் "28 ஜி.பி." என்று எழுதத் தோன்றும். ஆனால் இன்று பாவிக்காத 1 ஜி.பி. நாளைக்குச் சேராது என்றால், பெருநாள் அன்று அவர் கையில் இருப்பது 1 ஜி.பி. மட்டும்தான். "நாளொன்றுக்கு 1 ஜி.பி., மிச்சம் மறுநாளைக்குச் சேராது" என்று எழுதுவதற்கு அரை வரி போதும்.

நான்காவதும் கடைசியுமானது, அறிவிப்பில் எழுதப்படாத விடயம். டேட்டா முடிந்தால் என்ன நடக்கும்? மூன்றில் ஒன்று நடக்கலாம். இணைப்பு நின்றுவிடலாம். நிற்காமல் வேகம் மட்டும் குறையலாம். அல்லது ஒன்றும் தெரியாதது போல வேலை செய்து கொண்டே, சிம்மில் உள்ள சாதாரண மீதிப் பணத்திலிருந்து காசு கழியலாம். முதல் இரண்டும் எரிச்சல், மூன்றாவது நட்டம். பெருநாள் காலையில் வாழ்த்து வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். தொலைபேசி அவற்றைத் தானாகவே இறக்கிக் கொள்ளும்படி இருந்தால், சொந்தக்காரர் திடலில் தொழுது கொண்டிருக்கும்போதே டேட்டா கரைந்துவிடும். பிறகு அவர் பேசுவதற்கென்று வைத்திருந்த மீதிப் பணமும் கரையும்.

இது நடக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பெக்கேஜ் போட்டவரின் மீதிப் பணம், அவர் அழைப்பு எடுக்காமலே குறைந்து கொண்டு போனால், ஒன்றில் பெக்கேஜ் முடிந்திருக்கிறது, அல்லது அவர் பாவிக்கும் நேரமோ செயலியோ பெக்கேஜுக்குள் வரவில்லை. தொலைபேசியின் உள்ளே காட்டும் டேட்டாக் கணக்கை வைத்து வாதாட வேண்டாம். கணக்கு ஆரம்பிக்கும் திகதி வேறாக இருக்கலாம், இரண்டு சிம் இருந்தால் கணக்குக் கலந்தும் இருக்கலாம். கம்பனியின் செயலியில் அல்லது குறுஞ்செய்தியில் உள்ள மீதியைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் போர்டில் எழுத வேண்டிய வரி இது: "டேட்டா முடிந்தால் இணைப்பு நிற்கும்" அல்லது "டேட்டா முடிந்தால் மீதிப் பணத்திலிருந்து கழியும்". எது உண்மையோ அதை எழுதுங்கள்.

இந்த விடயத்தில் பக்கத்து நாடான இந்தியாவின் அனுபவம் எங்களுக்குப் பாடம். அங்கே ஒரு காலத்தில் சலுகை விலை எஸ்.எம்.எஸ். பெக்கேஜ் வாங்கியவர்களுக்கு, பண்டிகை நாட்களில் மட்டும் சலுகை கிடைக்காது. வாழ்த்து அனுப்புவதற்காகப் பெக்கேஜ் வாங்கியவர், வாழ்த்து அனுப்பும் நாளில் முழு விலை கொடுத்தார். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008இல் இதற்கு வரம்பு போட்டது. அப்படியான நாட்கள் வருடத்தில் ஐந்துக்கு மேல் போகக் கூடாது, எந்தெந்த நாட்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பிறகு மாற்றக் கூடாது என்றது. அந்த ஆணை சொன்னதன் சாரம், சலுகை எந்த நாளில் இல்லை என்பதும் விற்பனையின் ஒரு பகுதி என்பதுதான்.

28 நாள் விவகாரமும் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. 28 நாளை மக்கள் ஒரு மாதம் என்று நினைத்தார்கள். ஆனால் 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. அதாவது மாதம் ஒரு தடவை ரீசார்ஜ் செய்வதாக எண்ணியவர் உண்மையில் வருடத்துக்கு 13 தடவை செய்தார். ஆணையம் 2022 ஜனவரியில், ஒவ்வொரு கம்பனியும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் ஒரே திகதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையுமாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 28 நாள் பெக்கேஜைத் தடை செய்யவில்லை. மக்களுக்கு விளங்கும் திகதியில் முடியும் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றது. நான் மேலே சொன்ன வெள்ளைப் பலகையும் இதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறது.

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, எந்த வியாபாரியும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையில் ஈடுபடக் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான விபரங்களைச் சொல்லி விற்பதைப் பற்றியது. 30ஆம் பிரிவில் "வழிநடத்தக்கூடிய" என்ற பகுதியை ரீலோட் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்றாலும், மொத்தமாகப் பார்த்தவர் தவறாக விளங்கிக் கொள்ளும்படி இருந்தால் அதுவும் கேள்விக்குரியதுதான். "கம்பனி கொடுத்ததைத்தான் எழுதினேன்" என்று சொல்லித் தப்பலாம் என எண்ண வேண்டாம். உங்கள் கடைப் பெயரில் நீங்கள் அச்சடித்த போர்ட் உங்கள் போர்ட்தான். நுகர்வோரின் முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருப்பது மக்களுக்கும் தெரியும்.

எனது இந்தக் கருத்துக்கு மறுப்பும் உண்டு. அடுத்த கடைக்காரர் "30 ஜி.பி." என்று பெரிதாகப் போடும்போது, நான் "பகல் 10 ஜி.பி." என்று போட்டால் ஆட்கள் அங்கேதானே போவார்கள் என்று கேட்கிறார்கள். முதல் வாரத்தில் போகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரீலோட் வியாபாரத்தின் கணக்கையும் பாருங்கள். 650 ரூபா பெக்கேஜில் கடைக்காரருக்கு மிஞ்சுவது சில பத்து ரூபாக்களைத் தாண்டாது. ஏமாந்ததாக நினைக்கும் ஒருவர் வந்து அரை மணி நேரம் வாதாடினால், அந்த நேரத்தில் திரும்பிப் போகும் மற்ற வாடிக்கையாளர்களால் அந்தக் கழிவுப் பணம் போய்விடும். போட்ட பெக்கேஜைக் கடையில் வைத்துத் திருப்பி எடுக்கவும் முடியாது. ஒருவரது வாய் மூடுவதற்காகக் கடைக்காரர் தன் கையிலிருந்து ஒரு சிறிய டேட்டா போட்டுக் கொடுத்தால், பல விற்பனைகளின் இலாபம் ஒன்றாகப் போகும். இது இலாபம் குறைந்த, திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளரை நம்பிய வியாபாரம். ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த தடவை வருவதில்லை, கைத்தொலைபேசியிலேயே தானாக ரீலோட் போட்டுக் கொள்ளப் பழகிவிடுவார்.

ஆக, அந்தத் தம்பியின் அறிவிப்பை இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"பெருநாள் டேட்டா பெக்கேஜ். நீங்கள் கொடுப்பது 650 ரூபா, வேறு கட்டணம் இல்லை.
எந்த நேரமும்: 10 ஜி.பி.
இரவு 12 மணி முதல் காலை 7 மணி வரை மட்டும்: 15 ஜி.பி.
வட்ஸ்அப்புக்கு மட்டும்: 5 ஜி.பி.
28 நாட்கள். வாங்கிய நாளும் ஒரு நாள். கடைசி நாள் நள்ளிரவு 12 மணிக்கு முடியும்.
இன்று வாங்கினால் முடியும் திகதி: (பலகையைப் பாருங்கள்)
முடிந்த பின் மிச்ச டேட்டா கிடைக்காது. டேட்டா முடிந்தால் மீதிப் பணத்திலிருந்து கழியும்.
வாங்கக்கூடிய கடைசி நாள்: (திகதி, மாதம், வருடம்)
முதல் நோன்பன்று வாங்கினால் பெருநாளைக்கு முன்னரே முடிந்துவிடும்."

கடைசி வரியைப் பார்த்ததும் அந்தத் தம்பி தயங்கினார். "இதை எழுதினா யார் வாங்குவாங்க நானா?" என்றார். நான் சொன்னேன், "வாங்குவாங்க தம்பி, ஆனா மூணு நாலு நாள் பிந்தி வாங்குவாங்க." மார்ச் 1க்குப் பதிலாக மார்ச் 5ஆம் திகதி வாங்கியிருந்தால், நாட்கணக்கில் அந்த பெக்கேஜ் ஏப்ரல் 1ஆம் திகதி நள்ளிரவு வரை போயிருக்கும். பிறை 29இல் தெரிந்தாலும் 30இல் தெரிந்தாலும் பெருநாள் அதற்குள் வந்துவிடும். முதல் நான்கு நாட்களுக்கு ஒரு சிறிய பெக்கேஜையும் சேர்த்து விற்கலாம். உண்மையைச் சொன்னதால் கடைக்காரருக்கு ஒரு விற்பனை கூடுகிறதே தவிர குறையவில்லை.

எழுத்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீதியில் நின்று பார்ப்பவருக்கு 10, 15, 28 என்ற எண்களும் மணியும் திகதியும் தெரிய வேண்டும். திருகோணமலையில் எங்கள் வாடிக்கையாளர்களில் தமிழ் வாசிப்போரும் சிங்களம் வாசிப்போரும் இருக்கிறார்கள். எண்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் "இரவு மட்டும்", "முடிந்த பின் கிடைக்காது" ஆகிய இரண்டையும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். சண்டை வருவது அந்த இரண்டு வரிகளால்தான். வட்ஸ்அப்பில் போடும் படத்திலும் இதே வரிகள் முழுவதும் இருக்க வேண்டும். பாதியை வெட்டி, விலையை மட்டும் காட்டும் படத்தை அனுப்பாதீர்கள்.

சித்திரைப் புத்தாண்டு, ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, நத்தார் என்று வருடம் முழுவதும் பண்டிகை பெக்கேஜ்கள் வந்து கொண்டுதான் இருக்கும். கம்பனி அனுப்பும் அடுத்த சுவரொட்டியை ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சிம்முக்கு ஒன்றைப் போட்டு, வரும் செய்தியில் முடியும் திகதியையும் மணியையும் பார்த்து, வெள்ளைப் பலகையில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுச் சுவரொட்டியை ஒட்டுங்கள்.